"அசல் ஃபர்ம்வேர் மட்டுமே" என்ற சுற்றறிக்கை குறித்து: எங்கள் கல்லூரியின் கணினிக் கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவில் உள்ள ஐயா, அம்மா அனைவருக்கும்,

போன வாரம் ஆய்வகத்துக்கு வந்த உங்கள் சுற்றறிக்கையில் இரண்டு முடிவுகள் இருந்தன. ஆய்வக அலமாரியில் இருக்கும் மூன்று பழைய லேப்டாப்புகளில் நான் ஏற்றிய கோர்பூட் என்ற திறந்த மூல ஃபர்ம்வேரை, அதாவது கணினியை முதலில் எழுப்பும் நிரலை, நீக்கிவிட்டு, பாதுகாப்பு கருதி "தயாரிப்பாளரின் அசல் ஃபர்ம்வேர்" மட்டுமே வைக்க வேண்டும் என்பது முதல் முடிவு. புதிதாக வாங்கப்போகும் 60 கணினிகளை, முதல் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் 42 கணினிகளைத் தந்த அதே நிறுவனத்திடமிருந்து, அதே விவரக்குறிப்பில் வாங்கலாம் என்பது இரண்டாவது.

இடமில்லை, ஆளில்லை, பராமரிக்க நேரமில்லை என்று சொல்லியிருந்தால் பேசாமல் கழற்றியிருப்பேன். ஆனால் காரணம் "பாதுகாப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 42 கணினிகளையும் தினமும் பார்ப்பவன் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2024 ஜூலையில் பைனார்லி என்ற ஆய்வு நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் சொன்ன சிக்கலுக்கு பிகேஃபெயில் என்று பெயர். விஷயம் இதுதான். கணினி துவங்கும்போது நம்பத்தக்க நிரலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் என்பது ஒரு சாவிக் கொத்து. இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடர்களில் எதை ஓடவிடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்ற இரண்டு பட்டியல்கள் மதர்போர்டின் சிப்பில் இருக்கும். அந்தப் பட்டியல்களைத் திருத்த ஒரு சாவி உண்டு. அந்தச் சாவியையே மாற்ற எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு சாவி உண்டு, அதுதான் பிளாட்ஃபார்ம் கீ. கணினி தயாரிப்பவர்தான் அதைத் தனக்கென்று உருவாக்கி, அதன் ரகசியப் பாதியைப் பூட்டி வைத்திருக்க வேண்டும்.

ஃபர்ம்வேரின் அடிப்படைக் குறியீட்டை விற்கும் ஏஎம்ஐ நிறுவனம், சோதித்துப் பார்க்க வசதியாக ஒரு மாதிரிச் சாவியைச் சேர்த்தே கொடுத்தது. "இதை நம்பாதீர்கள்" என்பதைச் சாவியின் பெயரிலேயே எழுதி வைத்திருந்தது. பல தயாரிப்பாளர்கள் அதைக்கூடப் படிக்காமல், அதே சாவியோடு கணினிகளை விற்றுவிட்டார்கள். அந்தச் சாவிகளில் ஒன்றின் ரகசியப் பாதி இணையத்தில் பொதுவெளியில் கிடந்தது. அதற்குப் போட்டிருந்த கடவுச்சொல்லில் நான்கே எழுத்துகள். பைனார்லி கண்டவற்றில் மிகப் பழைய ஃபர்ம்வேர் 2012 மே மாதத்தையும், மிகப் புதியது 2024 ஜூன் மாதத்தையும் சேர்ந்தவை. பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் பெயரைப் படிக்கவில்லை!

அதைப் படித்த அன்று மாலையே ஆய்வகத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்து, விண்டோஸ் பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து இந்த ஒரு வரியை ஓட்டினேன்:

```
[System.Text.Encoding]::ASCII.GetString((Get-SecureBootUEFI PK).bytes) -match "DO NOT TRUST|DO NOT SHIP"
```

`True` என்று வந்தது. பக்கத்துக் கணினியிலும் அதே. லினக்ஸில் `efi-readvar -v PK` என்று கேட்டால் முழுப் பெயரும் தெரியும்: `DO NOT TRUST - AMI Test PK`. இரவு எட்டு மணிக்குள் 42 கணினிகளையும் பார்த்து முடித்தேன். நாற்பத்திரண்டிலும் அதே சாவி. நீங்கள் "அசல்" என்று சொல்வது இந்தச் சாவியோடு வந்த ஃபர்ம்வேரைத்தான்.

இதனால் உடனே வெளியிலிருந்து யாரும் உள்ளே வந்துவிட முடியாது. முதலில் அந்தக் கணினியில் நிர்வாகி உரிமை கிடைக்க வேண்டும். கிடைத்துவிட்டால், கசிந்த சாவியை வைத்துத் தன் பூட்லோடரை "நம்பத்தக்கது" பட்டியலில் சேர்த்துவிடலாம், தடைப்பட்டியலிலிருந்து எதையும் எடுத்துவிடலாம். செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கிறது என்றுதான் திரை அப்போதும் சொல்லும். ஹார்ட் டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவினாலும் பட்டியல் மாறாது, ஏனென்றால் அது டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டு சிப்பில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு பென்டிரைவ்கள் செருகப்படும் ஆய்வகத்தில் இதைச் சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

நிறுவனத்தின் சேவை மையத்துக்கு மூன்று முறை எழுதினேன். வாரண்டி முடிந்துவிட்டது, இந்த மாடலுக்கு இனி பயாஸ் அப்டேட் வராது, புது மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஐந்து ஆண்டுகள்கூட ஓடாத கணினிகள் அவை. அந்த மூன்று மின்னஞ்சல்களின் நகலும் கோப்பில் இருக்கிறது, உங்கள் குழுவுக்கும் அப்போதே அனுப்பினேன்.

அப்புறம் நானே சரிசெய்தேன். பயாஸ் அமைப்பில் பழைய பிளாட்ஃபார்ம் கீயை அழித்தால் கணினி புதுச் சாவியை ஏற்கும் நிலைக்குப் போகும். லினக்ஸ் பென்டிரைவிலிருந்து துவக்கி, நம் கல்லூரிக்கென்று ஒருமுறை சாவி உருவாக்கி, அதையே ஒவ்வொன்றிலும் ஏற்றினேன்.

```
sbctl create-keys
sbctl enroll-keys -m
```

இரண்டாவது வரியில் உள்ள `-m` மைக்ரோசாஃப்ட்டின் சான்றிதழ்களையும் சேர்த்து வைக்கும். அதை விட்டுவிட்டால் விண்டோஸ் துவங்காது. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளில் திரையே வராமல் போகவும் வாய்ப்புண்டு, கார்டின் சொந்த ஃபர்ம்வேரும் அந்தச் சான்றிதழை நம்பித்தான் ஓடுகிறது. டிஸ்க்கை பிட்லாக்கர் பூட்டியிருந்தால் சாவி மாற்றுவதற்கு முன் அதை இடைநிறுத்த வேண்டும். இல்லையென்றால் அடுத்த துவக்கத்தில் நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். நான் ஒன்றில் மறந்தேன், அந்த இலக்கங்களைத் தேடி அலுவலகத்துக்கு ஓடினேன்.

இரண்டு சனிக்கிழமைகளில் வேலை முடிந்தது. ஆனால் முழுமையாக முடியவில்லை. பயாஸ் அமைப்பில் "தொழிற்சாலைச் சாவிகளை மீட்டெடு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, ஒரு கணினியின் பூட் சிக்கலைச் சரிசெய்யப் போன ஆய்வக உதவியாளர் அதை அழுத்திவிட்டார். நான் வைத்த சாவி போய், நம்பாதீர்கள் என்று எழுதிய பழைய சாவி திரும்பி வந்துவிட்டது. அதன் மூலப்பிரதி ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிந்திருக்கிறது. ஃபர்ம்வேரைத் திருத்தும் உரிமையோ வழியோ எனக்கு இல்லை. அந்தத் தம்பியைக் குறைசொல்ல முடியாது, பொத்தானில் "அசல்" என்ற தொனிதான் இருந்தது.

இந்த இடத்தில்தான் அந்த மூன்று லேப்டாப்புகள் வருகின்றன.

கோர்பூட் யாரோ ஒரு மாணவர் விடுமுறையில் எழுதியது அல்ல. 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் ரான் மின்னிக் தொடங்கிய வேலை அது. கிளஸ்டர் கணினிகளை நிர்வகிக்க வழக்கமான பயாஸ் தடையாக இருந்ததால் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் பிறந்து, 2008-இல் கோர்பூட் ஆனது. இன்றைக்கு குரோம்புக்குகள் இதில்தான் துவங்குகின்றன. பிராசசரை எழுப்பி, ரேமைத் தயார்செய்து, மற்ற சில்லுகளுக்கு உயிர்கொடுத்து, அடுத்த நிரலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது மட்டும் இதன் வேலை. மூலக்குறியீடு முழுவதும் யாரும் படிக்கக் கிடைக்கிறது.

நம்மிடம் இருப்பவை 2012-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்230. கோர்பூட் ஏற்றுவதற்கு விசைப்பலகையையும் கைவைக்கும் தட்டையும் கழற்றினால் மதர்போர்டில் இரண்டு எட்டுக்கால் சிப்கள் தெரியும், ஒன்று 8 எம்பி, மற்றது 4 எம்பி. பேட்டரி, அடாப்டர், உள்ளே இருக்கும் சிறு பேட்டரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சிப்பின் மேல் ஒரு கிளிப்பைக் கவ்வவைத்து, ராஸ்பெர்ரி பை வழியாகப் படிக்க வேண்டும்.

```
flashrom -p linux_spi:dev=/dev/spidev0.0,spispeed=512 -r a.bin
flashrom -p linux_spi:dev=/dev/spidev0.0,spispeed=512 -r b.bin
sha256sum a.bin b.bin
```

இரண்டு முறை படித்ததும் ஒன்றாக இருந்தால்தான் எழுதத் துணிய வேண்டும். முதல் லேப்டாப்பில் இரண்டும் வேறுவேறாக வந்தன. கிளிப் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். மூன்று முறை மாற்றிப் பொருத்திய பிறகு ஒத்துவந்தது. இரண்டாவது லேப்டாப்பில் துவக்க வேண்டிய அடுத்த நிரலைச் சேர்க்காமலேயே கட்டிவிட்டேன், விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. சேமித்து வைத்த பிரதியைத் திரும்ப எழுதினேன், உயிர் வந்தது. நீங்கள் வைக்கச் சொல்லும் தயாரிப்பாளர் ஃபர்ம்வேரின் பிரதிகள் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன என்பதை இதோடு சொல்லிவிடுகிறேன். விரும்பினால் அரை நாளில் பழைய நிலைக்குத் திருப்பலாம்.

இனி, உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடங்களையும் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த மூன்றும் முழுவதும் திறந்தவை அல்ல. இன்டெலின் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற மூடிய நிரல் அதே சிப்பில் 5 எம்பி இடம் பிடித்திருந்தது. அதை முழுதாக அழித்தால் கணினி அரை மணி நேரத்தில் தானே அணைந்துவிடும். மீகிளீனர் என்ற கருவியால் சுமார் 100 கேபியாகச் சுருக்கி வைத்திருக்கிறேன், ஒழிக்கவில்லை. பிராசசரின் மைக்ரோகோடும் மூடியதுதான். விசைப்பலகையையும் சார்ஜிங்கையும் கவனிக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சிப்பின் நிரலும் அப்படியே, அதைப் புதுப்பிக்கத் தயாரிப்பாளரின் பயாஸ் அப்டேட்டைத்தான் முன்கூட்டியே ஓட்டியிருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று. நான் ஏற்றிய அமைப்பில் செக்யூர் பூட் கிடையாது. லினக்ஸில் ரூட் உரிமை உள்ள ஒருவர் உள்ளிருந்தபடியே சிப்பை மாற்றி எழுதலாம். துவங்கும்போதே சிப்பை எழுதவிடாமல் பூட்டும் வசதி கோர்பூட்டில் இருக்கிறது. அடிக்கடி மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்ததால் நான் அதைப் போடவில்லை. சாதாரண அசல் ஃபர்ம்வேர் இந்த விஷயத்தில் என் மூன்று லேப்டாப்புகளைவிடக் கண்டிப்பானது. குழுவில் யாராவது இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

திறந்திருந்தால் போதும், தவறு இருக்காது என்றும் நான் வாதிடவில்லை. 2024 ஜனவரியில் குவார்க்ஸ்லேப் நிறுவனம் பிக்சிஃபெயில் என்ற பெயரில் ஒன்பது ஓட்டைகளை வெளியிட்டது. அவை இருந்தது இடிகே2 என்ற திறந்த குறியீட்டில், நெட்வொர்க் வழியாகத் துவக்கும் பகுதியில். யாரும் படிக்கலாம் என்பதற்கும் யாரோ படித்தார்கள் என்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. ஆனால் ஓட்டை தெரிந்த பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். திருத்தம் பொதுவெளியில் வந்துவிட்டது, குறியீடு கையில் இருப்பவர் அதை எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். அதே இடிகே2-வை உள்ளே வைத்துக் கட்டிய வணிக ஃபர்ம்வேர்களில், திருத்தம் முதலில் ஃபர்ம்வேர் விற்பவரிடம் போய், பிறகு மதர்போர்டு செய்பவரிடம் போய், கடைசியில் நம் மாடலின் பக்கத்தில் ஒரு கோப்பாக வர வேண்டும். நம் 42 கணினிகளுக்கு அந்தக் கோப்பு வராது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். நெட்வொர்க் பூட்டை அமைப்பில் அணைத்து வைத்திருக்கிறேன், என்னால் முடிந்தது அதுதான்.

சரி, அந்த 42-இலும் கோர்பூட்டை ஏற்றிவிடலாமே என்று துறைத்தலைவர் கேட்டார். முடியாது. லினக்ஸில் `fwupdmgr security` என்று ஓட்டினால் இன்டெல் பூட் கார்டு இயக்கத்தில் இருப்பது தெரியும். தயாரிப்பாளரின் சாவியின் கைரேகை சிப்செட்டுக்குள் உருகியாக எரிக்கப்பட்டிருக்கிறது. அவர் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேர் ஒரு வரிகூட ஓடாது. இது கெட்ட ஏற்பாடு இல்லை, நான் லேப்டாப்பில் செய்ததுபோலக் கிளிப்பை மாட்டி ஒருவர் தீய ஃபர்ம்வேரை எழுதினால் தடுப்பது இதுதான். என் மூன்று லேப்டாப்புகளுக்கு அந்தக் காவல் இல்லை.

ஆனால் எரித்த உருகியைத் திரும்ப மாற்ற முடியாது. 2023-இல் எம்எஸ்ஐ நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட கோப்புகள் வெளியானபோது, 116 மாடல்களுக்கான பூட் கார்டு ரகசியச் சாவிகள் அதில் இருந்ததாக பைனார்லி தெரிவித்தது. பிகேஃபெயிலிலாவது நான் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து சாவியை மாற்றினேன். இங்கே தயாரிப்பாளரே நினைத்தாலும் விற்ற கணினியில் மாற்ற வழியில்லை. மாற்ற முடியாத ஒரு சாவியை ஒருவரிடம் ஒப்படைப்பதென்றால், அவர் சாவிகளை எப்படி வைத்துக்கொள்பவர் என்று பார்த்துத்தானே ஒப்படைப்போம்? `DO NOT TRUST` என்று எழுதிய சாவியை 42 கணினிகளில் அப்படியே விட்ட நிறுவனத்திடம்தான் இன்னும் 60 வாங்கப்போகிறோம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி இருக்கிறது என்பதற்கு குரோம்புக்கே சாட்சி. அதில் கோர்பூட் இருக்கிறது, ஆனால் என் லேப்டாப்பைப்போல் திறந்த வீடாக இல்லை. சிப்பின் ஒரு பகுதி எழுதமுடியாதபடி பூட்டியிருக்கும். மீதியில் ஃபர்ம்வேரின் இரண்டு பிரதிகள் இருக்கும். புதுப்பிப்பு வரும்போது ஓடாத பிரதியில் எழுதி, கையொப்பத்தைச் சரிபார்த்து, அதில் துவங்கிப் பார்க்கும். சரிவராவிட்டால் பழையதுக்குத் திரும்பிவிடும். 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து ஆண்டு தானியங்கிப் புதுப்பிப்பு என்று 2023-இல் கூகுள் அறிவித்தது. மேசைக் கணினியிலும் இது நடக்காத காரியமில்லை. எம்எஸ்ஐயின் ப்ரோ இசட்690-ஏ மதர்போர்டுக்கு 3எம்டெப் நிறுவனம் டஷாரோ என்ற பெயரில் கோர்பூட் தருகிறது. சிஸ்டம்76, நோவாகஸ்டம் போன்றவர்கள் கோர்பூட்டோடே லேப்டாப் விற்கிறார்கள். நம் ஊரில் சேவை மையம் இல்லை, விலையும் கூடுதல், தெரிந்துதான் சொல்கிறேன். 60-ஐயும் அப்படி வாங்குங்கள் என்று கேட்கவில்லை.

அவசரத்துக்குக் காரணமும் இருக்கிறது. செக்யூர் பூட் பட்டியல்களைத் திருத்த மைக்ரோசாஃப்ட் பயன்படுத்தும் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழின் காலம் 2026 ஜூன் வரைதான். அதற்குப் பின்னும் கணினி துவங்கும், ஆனால் புதிய சான்றிதழ் ஏறாத கணினிக்குத் தடைப்பட்டியலின் புதுப்பிப்புகள் வந்துசேராது. புதுச் சான்றிதழை ஏற்றுவதற்கு பிளாட்ஃபார்ம் கீ வைத்திருப்பவரின் கையொப்பம் வேண்டும். சாவியை நான் மாற்றிய கணினிகளில் அந்தக் கையொப்பத்தை நானே இடலாம். பழைய சாவி திரும்பி வந்த கணினியில் யார் இடுவார்கள் என்று சேவை மையத்தைக் கேட்டேன். பதில் இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள்.

மூன்று லேப்டாப்புகள் பற்றிய உத்தரவை நிறுத்தி வையுங்கள். பதினைந்து நாட்களுக்குள் சிப்பை எழுதவிடாமல் பூட்டும் வசதியோடு கோர்பூட்டை மறுபடி கட்டி ஏற்றுகிறேன். அதற்கான அமைப்புக் கோப்பையும், தயாரிப்பாளர் ஃபர்ம்வேரின் பிரதிகளையும் துறை அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன். தேர்வு, அலுவலக நெட்வொர்க்குகளில் அவற்றை இணைக்க மாட்டோம் என்று எழுதித் தரவும் தயார்.

42 கணினிகளுக்கும் பயாஸ் கடவுச்சொல் போட அனுமதி வேண்டும். அந்த மீட்டெடு பொத்தானை இன்னொரு முறை யாரும் அழுத்தாமல் இருக்க வேறு வழியில்லை. கடவுச்சொல்லை என்னிடம் மட்டும் வைக்காமல், உறையிட்டு அலுவலகப் பெட்டகத்திலும் வையுங்கள்.

60 கணினிகளுக்கான டெண்டரை அதே விவரக்குறிப்பில் வெளியிட வேண்டாம். ஃபர்ம்வேர் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும் என்பதை விற்பவர் எழுத்தில் தர வேண்டும், ஏழு ஆண்டுக்குக் குறையக் கூடாது. செக்யூர் பூட் சாவிகளை வாங்கியவர் மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். பூட் கார்டு உருகி எரிக்கப்பட்டதா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டும். விலைப்புள்ளி திறக்கும் முன் ஒரு மாதிரிக் கணினியைத் தருவித்து, மேலே உள்ள பவர்ஷெல் வரியையும் `fwupdmgr security`-யையும் உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டுகிறேன். முதல் வரிக்கு `True` என்று வந்தால் அந்த விலைப்புள்ளியைத் திறக்கவே வேண்டாம். பத்து நிமிட வேலை இது.

அந்த 60-இல் ஐந்துக்கு மட்டும், கோர்பூட்டோடு வரும் கணினிகளுக்கான விலையைத் தனியாகக் கேளுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் விட்டுவிடலாம். விலை என்ன என்று தெரிந்த பிறகு விடுவோம்.

டெண்டர் வெளியாகும் தேதிக்கு முன் இதற்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
முதல் தளக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்